முதல் ஐந்து மதிப்புரைகள்

ஃபைவர் தளத்தில் புதிதாகக் கணக்குத் திறந்தவருக்கு மதிப்புரை இல்லை, அதனால் வேலையும் வருவதில்லை. இந்தச் சுழலை உடைக்க, விலையை அடிமட்டத்துக்கு இறக்குவதைவிட வேலையைச் சுருக்குவதே நல்லது.

‘மலாய்–தமிழ் மொழிபெயர்ப்பு’ என்று பொதுவாகப் போடாமல், ‘ஒரு பக்க உணவக மெனு, இரண்டே நாளில், ஒரு திருத்தம் இலவசம்’ என்று போடுங்கள். நீங்களே செய்த மாதிரி ஒன்றைப் படமாக இணையுங்கள். 10 டாலர் விலை வைத்தால், தளம் 20 விழுக்காடு எடுத்ததுபோக 8 டாலர் கிடைக்கும்.

ஒரு நாள் முன்னதாகவே ஒப்படைத்து, ‘ஏதேனும் திருத்த வேண்டுமா?’ என்று கேளுங்கள். உங்களிடமே சொல்லித் தீர்ந்த குறை பெரும்பாலும் மதிப்புரைக்குப் போகாது. நண்பர்களை வாங்கவைத்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள், கணக்கே முடங்கலாம். ஐந்து சேர்ந்ததும் விலையை ஏற்றுங்கள்.