வானத்தில் விழும் படிகள்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே சேர்வராயன் மலை கண்ணில் படும். பொழுது சாய்ந்ததும் மலைக்கு மேலே வானம் அடியில் வெளிறியும் உச்சியில் கருநீலமாகவும் இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த ஒரு ஜோடிப் படத்தை கல்யாண ஆல்பத்தில் பெரிதாக வைத்தேன். பிரிண்டைப் பார்த்த பெண்ணின் அம்மா, “தம்பி, வானத்துல ஏன் கோடு கோடா இருக்கு?” என்று கேட்டார். தொழிலில் இதை பேண்டிங் என்கிறோம். தவறு லேபில் இல்லை, நான் செய்த வேலையில்தான் இருந்தது.

அந்தப் படம் 6000-க்கு 4000 பிக்சல். அதில் வானத்தின் உயரம் 2400 பிக்சல். ஜேபெக் 8 பிட் கோப்பு, ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள்தான். என் வானத்தில் நீலம் மலையோரத்தில் 205, உச்சியில் 165. அதாவது 2400 பிக்சலை ஏறக் கிடைத்தவை 40 படிகள். ஒரு படிக்கு 60 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என அச்சிட்டால் அது 5 மில்லிமீட்டர் அகலப் பட்டை. இரண்டு பட்டைகள் சேரும் இடத்தை நம் கண் இன்னும் தூக்கலாகக் காட்டும். 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் கவனித்து எழுதிய விஷயம் இது.

ஆனால் கேமராவிலிருந்து வந்தபோது இந்தக் கோடுகள் தெரியவில்லை. சென்சாரின் இயல்பான பொடி இரைச்சல் படிகளின் விளிம்பைக் கலைத்து வைத்திருந்தது. முகத்தை மழமழப்பாக்கும்போது வானத்தையும் சேர்த்து நான்தான் துடைத்தேன். பிறகு கர்வ்ஸில் மாறுபாட்டைக் கூட்டினேன். படிகள் அதே 40, ஒவ்வொன்றின் உயரமோ இரட்டிப்பானது.

இப்போது முதல் வேலையே ரா கோப்பில் எடுப்பது. 14 பிட் ராவில் 16,384 அளவுகள் உண்டு. கேமரா ராவிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும்போது ஆழத்தை 16 Bits/Channel என்று வைக்கிறேன். கர்வ்ஸ், நிறத் திருத்தம், வானத்தை மென்மையாக்குவது எல்லாம் அந்த 16 பிட்டிலேயே முடிய வேண்டும்.

கையில் ஜேபெக் மட்டும்தான் என்றால் Image > Mode > 16 Bits/Channel கொடுத்தால் மட்டும் இழந்த அளவுகள் திரும்பாது. மாற்றிய பின் வானத்துக்கு மட்டும் காஸியன் பிளர் கொடுக்க வேண்டும், அதுவும் பட்டையின் அகலத்துக்கு ஈடாக, இங்கே ஐம்பது அறுபது பிக்சல் ஆரத்தில். அப்போதுதான் இடைப்பட்ட மதிப்புகள் பிறக்கும். மலை விளிம்பை மாஸ்க்கில் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மலையின் கருமை வானத்தில் கசியும்.

அடுத்தது டிதரிங், அதாவது வேண்டுமென்றே இரைச்சல் சேர்ப்பது. ஒரு பகுதியின் உண்மை மதிப்பு 120.3 என்று வையுங்கள். 8 பிட்டுக்கு மாற்றினால் அத்தனை பிக்சலும் 120 ஆகிவிடும். மாற்றுவதற்கு முன் அரை அளவு மேலும் கீழுமாக இரைச்சலைத் தூவினால் பத்தில் மூன்று பிக்சல் 121 ஆகும், ஏழு 120-இல் நிற்கும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண் 120.3-ஐயே பார்க்கிறது. லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-இல் படங்களுக்கு இதைச் செய்து காட்டினார்.

தூவும் நேரம் முக்கியம். முதலில் படத்தை அச்சு அளவுக்குச் சுருக்குங்கள். இரைச்சலைச் சேர்த்துவிட்டுச் சுருக்கினால் அது சராசரியாகிக் கரைந்துவிடும். லேயர்களை ஒன்றாக்கி, வானத்தைத் தேர்ந்தெடுத்து, Filter > Noise > Add Noise போய் Gaussian, Monochromatic இரண்டையும் போடுங்கள். எனக்கு 1 சதவீதம் பெரும்பாலும் போதும், 1.5-ஐத் தாண்டினால் மணல் தெரியும். அதன் பிறகுதான் 8 பிட். லேயர்களோடு மாற்றினால் திருத்தங்கள் 8 பிட்டில் மறுபடி கணக்கிடப்பட்டுப் படிகள் திரும்பக்கூடும்.

ஸ்டுடியோ சாம்பல் திரைக்கு இன்னும் கவனம் வேண்டும். நீல வானத்தில் மூன்று நிறங்களும் வெவ்வேறு இடத்தில் படியிறங்கும். சாம்பலில் மூன்றும் ஒரே இடத்தில் இறங்குவதால் கோடு பளிச்சென்று தெரியும். கிரேடியன்ட் டூலில் பின்னணி வரைந்தால் Dither பெட்டியில் டிக் இருக்கட்டும்.

சேமிக்கும்போது ஜேபெக் தரம் 12. தரம் குறைந்தால் அழுத்தும் முறை முதலில் தின்பது இந்தப் பொடியைத்தான். லேபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

சோதிக்க, திரையை 100 சதவீதத்தில் வைத்து, மேலே தற்காலிகமாக ஒரு செங்குத்தான கர்வ்ஸ் லேயர் போடுவேன். ஒளிந்திருக்கும் படி அதில் எழுந்து நிற்கும். மலிவான மானிட்டர் தானாகவே பட்டை காட்டும் என்பதால், வானத்திலிருந்து ஒரு துண்டை முழு அளவில் வெட்டி லேபில் முதலில் அடித்து வாங்குகிறேன். கை நீட்டும் தூரத்தில், வெளியே பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்த பிறகுதான் ஆல்பம் முழுவதும் அச்சுக்குப் போகிறது.