மெத்தையில் சிறுநீர்: காய்ந்த பிறகும் நாற்றம் வருவது ஏன்?

குழந்தையின் சிறுநீர் வெளியேறும்போது அதில் நாற்றம் குறைவு. மெத்தைக்குள் ஊறிய பிறகு, அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். பாக்டீரியாக்களுக்கு ஈரம் வேண்டும். அதனால் மேல்துணி மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், நாற்றம் மீண்டும் எழும்.

ஈரம் தெரிந்தவுடன் விரிப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். தேய்த்தால் கறை பரவும். துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை துண்டை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும்.

பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, கறையின் மேல் லேசாகத் தெளிக்க வேண்டும். வினிகரின் அமிலம் காரத்தன்மையுள்ள அம்மோனியாவை நடுநிலையாக்கும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஒற்றி, சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் தட்டி எடுக்கலாம். தண்ணீரை ஊற்றினால் சிறுநீர் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். பிளீச்சிங் பவுடர் கூடாது. அம்மோனியாவுடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும்.

கடைசியாக, மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் இருபுறமும் காற்றுப் படும். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு, அவ்வப்போது புரட்ட வேண்டும். ஃபோம் மெத்தைக்கு நிழலும் மின்விசிறியும் நல்லது. கடும் வெயில் ஃபோமைச் சிதைக்கும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய, கறை இருந்த இடத்தில் டிஷ்யூ தாளை வைத்து, அதன்மேல் கனமான புத்தகத்தைப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். தாள் சற்றே நமுத்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. விரிப்பைப் போடாமல் இன்னும் உலர்த்த வேண்டும்.