சூடான கட்டியும் குளிர்ந்த கட்டியும் தொடும்போது

ஒரு கிலோ எடையுள்ள இரண்டு செம்புக் கட்டிகளில் ஒன்று 100 டிகிரி செல்சியஸிலும் மற்றொன்று 0 டிகிரியிலும் இருக்கின்றன. வெளியே வெப்பம் கசியாத ஒரு பெட்டிக்குள் இரண்டையும் ஒட்டி வைத்தால், சிறிது நேரத்தில் இரண்டும் 50 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். சூடான கட்டி இழந்த வெப்பம் முழுவதும் குளிர்ந்த கட்டிக்குப் போயிருக்கிறது. மொத்த ஆற்றல் இம்மியும் மாறவில்லை. ஆனாலும் 50 டிகிரியில் இருக்கும் இரண்டு கட்டிகள் தாமாகவே பழையபடி ஒன்று கொதிநிலைக்கும் மற்றொன்று உறைநிலைக்கும் பிரிந்து போவதில்லை. ஆற்றல் கணக்கு இதைத் தடுக்கவில்லை. தடுப்பது எண்ட்ரோபி. ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 1865இல் இந்தப் பெயரைச் சூட்டினார்.

எண்ட்ரோபி மாற்றம் என்பது, ஒரு பொருளுக்குள் வந்த வெப்பத்தை அப்போது அந்தப் பொருள் இருந்த வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது. வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். 100 டிகிரி என்பது 373 கெல்வின், 0 டிகிரி என்பது 273 கெல்வின். கட்டிகள் தொட்ட மறுகணம் கைமாறும் முதல் ஒரு ஜூல் வெப்பத்தை மட்டும் பார்ப்போம். சூடான கட்டி இழக்கும் எண்ட்ரோபி 1/373, அதாவது 0.00268. குளிர்ந்த கட்டி பெறுவது 1/273, அதாவது 0.00366. அதே ஒரு ஜூல்தான், ஆனால் சிறிய எண்ணால் வகுபடும் இடத்தில் அதன் மதிப்பு கூடிவிடுகிறது. இழப்பைவிட வரவு அதிகம். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் பாயும்போதெல்லாம் இந்த மிச்சம் விழுந்துகொண்டே இருக்கும்.

மொத்த மிச்சம் எவ்வளவு? ஒரு கிலோ செம்பை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 385 ஜூல் வேண்டும். ஆகவே 50 டிகிரி மாற்றத்துக்குக் கைமாறிய வெப்பம் 19,250 ஜூல். இதை அப்படியே 373ஆலும் 273ஆலும் வகுத்துக் கழித்தால் 18.9 என்ற விடை வரும். மாணவர்கள் பலர் செய்வது இதுதான். விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு தப்பு. வெப்பம் பாயப் பாய சூடான கட்டி ஆறிக்கொண்டும் மற்றது சூடாகிக்கொண்டும் இருப்பதால், ஒவ்வொரு ஜூலையும் அந்தந்த நேரத்து வெப்பநிலையால் வகுத்துத்தான் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல் ஓர் இயற்கை மடக்கையாக முடிகிறது:

ΔS = m c ln(T₂/T₁)

இதில் m நிறை, c தன்வெப்பம், T₁ தொடக்க வெப்பநிலை, T₂ இறுதி வெப்பநிலை. சூடான கட்டிக்கு 385 × ln(323/373), அதாவது −55.4. குளிர்ந்த கட்டிக்கு 385 × ln(323/273), அதாவது +64.7. நிகர மாற்றம் கெல்வினுக்கு சுமார் 9.3 ஜூல் உயர்வு. மடக்கை பிடிக்காதவர்கள் ஒவ்வொரு கட்டிக்கும் அதன் சராசரி வெப்பநிலையால் (348, 298 கெல்வின்) வகுத்துப் பார்க்கலாம், விடை 9.3க்கு மிக நெருக்கமாகவே வரும்.

இந்த உயர்வு சீராக நிகழ்வதில்லை. கட்டிகள் 75, 25 டிகிரிகளை எட்டும்போது பாதி வெப்பம்தான் கைமாறியிருக்கும், ஆனால் 9.3இல் 7 அதற்குள்ளேயே உருவாகிவிடுகிறது. வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய ஒவ்வொரு ஜூலும் விட்டுச்செல்லும் மிச்சமும் குறைகிறது. 51, 49 டிகிரிகளில் அது முதல் ஜூலின் மிச்சத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். சமநிலையில் அது பூஜ்ஜியம். மேற்கொண்டு உயர எண்ட்ரோபிக்கு வழியில்லை.

கட்டிகளின் பரப்புகள் சொரசொரப்பாக இருந்து இடையில் காற்று சிக்கினால் சமநிலைக்கு வர நேரமாகும். ஆனால் 9.3 என்ற விடை மாறாது. எண்ட்ரோபி தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டுமே பொறுத்தது. மாறாக, இறுதி வெப்பநிலை 50க்குப் பதில் 47 என்று வந்தால் பெட்டியிலிருந்து வெப்பம் கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போது வெளிக்காற்று பெற்ற எண்ட்ரோபியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டிகளில் ஒன்று பனிக்கட்டியாக இருந்து இடையில் உருகினால், உருகும் வெப்பத்தை 273ஆல் வகுத்துத் தனியே கூட்டியாக வேண்டும்.

அந்த 9.3க்கு நடைமுறையில் ஒரு விலை உண்டு. கட்டிகளை நேரடியாகத் தொடவிடாமல், இடையில் ஒரு குறையற்ற வெப்ப எந்திரத்தை வைத்து ஓட்டுவதாகக் கொள்வோம். அது சூடான கட்டியிலிருந்து வெப்பத்தை எடுத்து, ஒரு பகுதியை வேலையாக மாற்றி, மீதியைக் குளிர்ந்த கட்டிக்குக் கொடுக்கும். இங்கே இழப்பும் வரவும் சமம். நிகர எண்ட்ரோபி மாற்றம் பூஜ்ஜியம். அப்படியானால் இறுதி வெப்பநிலை இரு தொடக்க வெப்பநிலைகளைப் பெருக்கி அதன் வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது: சுமார் 319 கெல்வின், அதாவது 46 டிகிரி. நேரடித் தொடுகையில் வந்த 50 டிகிரியைவிட இது ஏறத்தாழ 4 டிகிரி குறைவு. இரண்டு கட்டிகளிலும் குறைந்த அந்த 4 டிகிரிக்குரிய ஆற்றல் சுமார் 3,000 ஜூல். எந்திரம் அதை வேலையாக வெளியே எடுத்துத் தந்திருக்கும். நேரடியாகத் தொட்ட கட்டிகளில் அது வெறும் வெதுவெதுப்பாகத் தங்கிவிட்டது.