எழுத்துக்கு ஒரு நிலை

ஒரு பெரிய கோப்பில் ஒரே சொல்லைத் தேடுவது எளிது. ஆனால் "`a`, `b` இரண்டும் எந்த வரிசையில் எத்தனை முறை வந்தாலும் சரி, முடிவு மட்டும் `abb` என்று இருக்க வேண்டும்" என்று கேட்டால், அந்த நிபந்தனையைக் கணினிக்குச் சொல்லவே தனி எழுத்துமுறை வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது அதுதான். மேலே சொன்ன நிபந்தனையை அதில் இப்படி எழுதுவார்கள்:

```
(a|b)*abb
```

செங்குத்துக் கோட்டுக்கு "அல்லது" என்று பொருள். நட்சத்திரம் போட்டால், அதற்கு முன்னால் இருப்பது ஒருமுறைகூட வராமலும் இருக்கலாம், எத்தனை முறையும் வரலாம்.

இதைக் கணினி அப்படியே வைத்துக்கொண்டு தேடுவதில்லை. முதலில் ஆட்டோமேட்டனாக மாற்றிக்கொள்கிறது. சில வட்டங்கள், அவற்றுக்கிடையே அம்புகள், ஒவ்வோர் அம்பின் மேலும் ஓர் எழுத்து என்று ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு நிலை என்று பெயர். உள்ளே வரும் எழுத்துகளைப் பின்பற்றி அம்புகள் வழியே போய், இறுதி நிலை ஒன்றில் நின்றால் பொருந்தியது என்று அர்த்தம். இந்தப் படத்தை வரைய இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத இரண்டாவது வழி.

முதல் வழி, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1968இல் வெளியிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு துண்டு செய்வது, பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுவது என்பதே முறை. `a` துண்டையும் `b` துண்டையும் "அல்லது" என்று இணைக்க, இரண்டுக்கும் முன்னால் ஒரு புது நிலை, பின்னால் ஒரு புது நிலை. நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டு. ஒட்டுகிற அம்புகளின் மேல் எழுத்து எதுவும் இருக்காது. அவற்றை எப்சிலான் அம்புகள் என்பார்கள்: எதையும் படிக்காமலே கடந்துவிடலாம். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படிச் செய்தால் 11 நிலைகளும் 13 அம்புகளும் வரும். அந்த 13இல் 8 எப்சிலான். உண்மையில் எழுத்தைப் படிப்பவை ஐந்தே.

விலையை ஓடும்போது கொடுக்கிறோம். ஒவ்வோர் எழுத்தைப் படித்த பிறகும், எப்சிலான் வழியாக வேறு எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று தேடிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்தும் படிக்காத தொடக்கத்திலேயே ஐந்து நிலைகளில் ஒரே நேரத்தில் நிற்கிறோம். `(a*)*` போல நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம் வந்தால் எப்சிலான் அம்புகளே ஒரு வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். ஏற்கெனவே பார்த்த நிலையைக் குறித்துவைக்காத நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது வழி இதற்கு முந்தையது. அமெரிக்காவில் மெக்னாட்டனும் யமாடாவும் 1960இலும், கீவ் நகரில் விக்டர் குளுஷ்கோவ் 1961இலும் எழுதியவற்றில் இதன் வேர் இருக்கிறது. இதில் துண்டுகளே இல்லை. எக்ஸ்பிரஷனில் எழுத்துகள் உள்ள இடங்களுக்கு இடமிருந்து வலமாக எண் போட வேண்டும், அவ்வளவுதான்:

```
(a1|b2)*a3b4b5
```

ஐந்து இடங்கள், ஐந்து நிலைகள். தொடக்கத்துக்கு 0 என்று இன்னொன்று. மொத்தம் ஆறு. இனி மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எந்த இடத்தில் தொடங்கலாம்? எந்த இடத்தில் முடியலாம்? ஓர் இடத்துக்கு அடுத்ததாக எந்தெந்த இடம் வரலாம்?

தொடங்குவது 1, 2 அல்லது 3இல். நட்சத்திரப் பகுதி வராமலே போகலாம் என்பதால் 3ஐ மறக்கக் கூடாது. முடிவது 5இல் மட்டும். அடுத்து வரக்கூடியவை இவை:

```
0 -> 1 2 3
1 -> 1 2 3
2 -> 1 2 3
3 -> 4
4 -> 5
5 -> (எதுவுமில்லை)
```

11 அம்புகள், ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைப் படிக்கிறது. `aabb` என்று கொடுத்துப் பார்ப்போம். 0இல் நிற்கிறோம். முதல் `a` வந்ததும் 1, 3 ஆகிய இடங்களுக்கு வருகிறோம். இரண்டாவது `a`வுக்குப் பிறகும் அதே 1, 3. அடுத்து `b`: 1இலிருந்து 2, 3இலிருந்து 4. கடைசி `b`: 2இலிருந்து மறுபடி 2, 4இலிருந்து 5. கையில் 5 இருக்கிறது, பொருந்திவிட்டது.

நிரல் எழுதுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். நட்சத்திரத்தின் முடிவிலிருந்து அதன் தொடக்கத்துக்குத் திரும்பும் அம்பு விட்டுப்போகும். அல்லது, வராமலும் போகக்கூடிய பகுதியைத் தாண்டிப் போகும் அம்பு விட்டுப்போகும். `abb`, `ababb` இரண்டையும் கொடுத்தால் தெரிந்துவிடும். `abb` பொருந்தாவிட்டால் தாண்டும் அம்பு இல்லை. அது பொருந்தி `ababb` பொருந்தாவிட்டால் திரும்பும் அம்பு இல்லை.

மேலே உள்ள பட்டியலில் இன்னொன்றைக் கவனியுங்கள். 4ஆம் நிலைக்கு வரும் அம்பு எங்கிருந்து வந்தாலும் அதன் எழுத்து `b`தான், ஏனென்றால் 4ஆம் இடத்தில் இருப்பது `b`. எல்லா நிலைக்கும் இப்படித்தான். ஆகவே "இப்போது நிற்கும் இடங்களுக்கு அடுத்தவை எவை" என்பதையும் "படித்த எழுத்து எந்தெந்த இடங்களில் இருக்கிறது" என்பதையும் தனித்தனியாக எடுத்து, இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஒரு நிலைக்கு ஒரு பிட் என்று வைத்தால் ஓர் எழுத்துக்கான வேலை முழுக்க ஒரே வரி:

```
D = follow(D) & B[c]
```

64 பிட் கணினியில் 63 இடங்கள் வரை உள்ள எக்ஸ்பிரஷனின் எல்லா நிலைகளும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். நவாரோ, ராஃபினோ இருவரும் உருவாக்கிய தேடல் முறையும், இன்டெலின் ஹைப்பர்ஸ்கேனும் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன.

ஆனால் அம்புகள் பெருகிவிடும். `a`விலிருந்து `z` வரை 26 எழுத்துகளையும் "அல்லது" போட்டு இணைத்து, வெளியே ஒரு நட்சத்திரம் வையுங்கள். எந்த எழுத்துக்குப் பின்னும் எந்த எழுத்தும் வரலாம். 27 நிலைகளுக்கு 702 அம்புகள் தேவைப்படும். தாம்சன் முறையில் இரண்டிரண்டாக ஒட்டினால் 104 நிலைகள் வரும், அம்புகளோ 130தான். எக்ஸ்பிரஷன் நீள நீள அங்கே அம்புகள் சீராகக் கூடும், இங்கே அதிகபட்சம் நீளத்தின் வர்க்கமாகக் கூடும். `[a-z]*` என்று எழுதி அதை ஒரே இடமாகக் கொண்டால் இந்தச் சிக்கல் மறையும். எல்லா எக்ஸ்பிரஷனிலும் அப்படிச் சுருக்க முடியாது.

அடைப்புக்குறிக்குள் இருந்த பகுதி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கேட்பவர்களுக்கும் தாம்சன் முறையே வசதி. அந்தக் குறிப்பை எழுதிவைக்க எப்சிலான் அம்புகள் நல்ல இடம். இத்தனைக்கும் இரண்டும் அந்நியமில்லை: தாம்சன் படத்திலிருந்து எப்சிலான் அம்புகளை முறையாக நீக்கி, பயனற்றுப்போன நிலைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது குளுஷ்கோவின் படமேதான். எப்சிலான் வேலையை ஓடும்போது செய்வதா, ஓடுவதற்கு முன்பே முடித்துவிடுவதா என்பதே வேறுபாடு.

எழுதப்பட்ட எக்ஸ்பிரஷனின் வடிவத்தை இந்தப் படம் அப்படியே காட்டுவதால் இதற்கு வேறொரு பயனும் கிடைத்தது. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் தரத்தில், ஒரு கூறுக்குள் எவை எந்த வரிசையில் வரலாம் என்பதை இதே போன்ற எக்ஸ்பிரஷனால் சொல்கிறோம். அதில் ஒரு விதி: அடுத்த பெயரைப் படித்ததுமே அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று ஐயமின்றித் தெரிய வேண்டும். `((b,c)|(b,d))` என்று எழுதினால் தொடக்கத்திலேயே இரண்டு `b` இடங்கள் நிற்கின்றன. அது பிழை. `(b,(c|d))` என்று எழுதினால் சரி. சோதிப்பதும் எளிது: ஏதாவது ஒரு நிலையிலிருந்து ஒரே பெயரோடு இரண்டு அம்புகள் புறப்படுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

மாற்றி எழுதினால் எல்லாமே சரியாகிவிடும் என்று தோன்றும். `(a|b)*a` இந்த விதியை மீறுகிறது, அதை `b*a(b*a)*` என்று மாற்றி எழுதித் தப்பிக்கலாம். ஆனால் `(a|b)*a(a|b)` என்ற சிறிய எக்ஸ்பிரஷனை எப்படி மாற்றி எழுதினாலும் ஏதோ ஒரு நிலையிலிருந்து ஒரே எழுத்தோடு இரண்டு அம்புகள் புறப்பட்டே தீரும் என்று புரூக்கமான்-கிளைனும் வுட்டும் நிரூபித்திருக்கிறார்கள்.