கதவிடுக்கில் பன்னிரண்டு படங்கள்

கவுன்டர்-ஸ்டிரைக் ஆடுகிறவர்களுக்கு 'டஸ்ட் 2' வரைபடத்தின் நடுக்கதவுகள் நன்றாகத் தெரியும். தாக்கும் அணியில் ஒருவர் ஸ்னைப்பர் துப்பாக்கியை அந்தக் கதவிடுக்கின் மேல் குறிவைத்து நிற்பார். ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளில் எதிரணியினர் இடுக்கைத் தாண்டி ஓடுவார்கள். ஓடுகிற ஆள் கண்ணில் படுவது கண நேரம்தான். கணக்குக்காக அதை 200 மில்லிசெகண்ட், அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அந்த ஓட்டம் மொத்தம் 12 படங்களாகத்தான் தெரியும். 144 ஹெர்ட்ஸில் சுமார் 29 படங்கள், 240 ஹெர்ட்ஸில் 48. ஓடுகிறவர் அதே ஆள், ஓடுகிற நேரமும் அதே நேரம். ஆனால் 12 படங்களை வைத்துக்கொண்டு குறிபார்ப்பவர் ஆளை அங்கங்கே துள்ளித் துள்ளிப் பார்க்கிறார். 48 படங்கள் கிடைப்பவர் வழுக்கிச் செல்லும் ஓட்டத்தைப் பார்க்கிறார், எங்கே சுட வேண்டும் என்பதும் அவருக்குப் பிடிபடுகிறது.

மானிட்டர் ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப் படத்தை வாங்கித் திரையில் போடுகிறது என்பதுதான் ரிஃப்ரெஷ் ரேட். அந்தப் படங்களைத் தயாரிப்பது கம்ப்யூட்டரின் வேலை. அது விநாடிக்கு எத்தனை படம் தயாரிக்கிறது என்பது ஃப்ரேம் ரேட், விளையாடுகிறவர்கள் வாயில் எஃப்பிஎஸ். மூன்றாவது ரெஸ்பான்ஸ் டைம். புதுப் படம் வந்ததும் திரையிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் பழைய நிறத்திலிருந்து புது நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. மவுஸைச் சொடுக்கியதிலிருந்து திரையில் விளைவு தெரியும்வரை ஆகும் தாமதம் என்று பலர் இதை நினைக்கிறார்கள். அந்தத் தாமதம் வேறு, அதற்கு இன்புட் லேக் என்று பெயர்.

முதல் இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை என் அக்கா மகன் வீட்டில் பார்த்தேன். செமஸ்டர் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தான். "மாமா, ஆறு மாசம் ஆச்சு, பழைய மானிட்டருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல" என்றான். திரை மூலையில் எஃப்பிஎஸ் 180 என்று காட்டியது. அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்திருக்கிறான். விண்டோஸில் Settings > System > Display > Advanced display போய்ப் பார்த்தோம். Choose a refresh rate என்ற இடத்தில் 60 என்றிருந்தது. கம்ப்யூட்டர் விநாடிக்கு 180 படம் தயாரித்துக்கொண்டிருந்தது, மானிட்டர் 60 முறைதான் திரையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 144-ஐத் தேர்ந்தெடுத்து மவுஸை வட்டமாக ஆட்டச் சொன்னேன். அம்புக்குறி நகர்ந்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. எஃப்பிஎஸ் எண்ணுக்கு மானிட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தப் பட்டியலில் 144 வரவே இல்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிளை எடுத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்காக அந்த 180 முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. விநாடிக்கு 60 படம் தயாரானால் திரைக்குப் போகும் படம் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் வரை பழையதாக இருக்கலாம். 180 தயாரானால் அந்தப் பழமை 6 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். வி-சிங்க்கை அணைத்து ஆடினால் திரையில் படம் குறுக்கே கிழிந்ததுபோல் அவ்வப்போது தெரியும், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இடையிலான தாமதம் குறையும். போட்டி ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் கிழிசலைப் பொறுத்துக்கொண்டு அணைத்தே வைப்பது இதனால்தான்.

ரெஸ்பான்ஸ் டைமைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மானிட்டர் வாங்கப் போகும் பிள்ளைகள் பெட்டியில் '1 எம்எஸ்' என்று அச்சடித்திருப்பதைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் பிக்சலை உச்சகட்டமாக விரட்டி, மிகச் சாதகமான ஒரு நிற மாற்றத்தில் எடுத்த அளவு. அந்த விரட்டலுக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். மானிட்டர் மெனுவில் அதை உச்சத்தில் வைத்து ஆடிப்பாருங்கள், ஓடுகிற உருவத்தின் பின்னால் வெளிறிய ஓரம் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். பிக்சல் போய்ச் சேர வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவதால் வருவது அது. நடு நிலையில் வைத்தால் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

தேவையான அளவு வேகம் எது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 144 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 7 மில்லிசெகண்ட். அதற்குள் பிக்சல் மாறி முடித்தால் போதும். முடிக்காவிட்டால் பழைய படத்தின் சாயல் புதுப் படத்தின் மேல் படிந்து இழுபடும். விலை குறைந்த விஏ பேனல்கள் சிலவற்றில் கருப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவது இப்படித்தான் பின்தங்கும். இருட்டு மூலையில் பதுங்கியிருக்கும் ஆள் நகரும்போது கரி பூசியதுபோல் தேய்ந்து தெரிந்தால் காரணம் இதுதான். ஓலெட் திரைகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பிக்சல் நொடிப்பொழுதில் மாறினால்கூடப் படம் மங்கும் என்பதுதான் பலரும் அறியாத விஷயம். testufo.com என்ற தளத்தில் விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பறக்கும் தட்டு ஓடும். நம் கண் அதைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் அசையாமல் நிற்கிறது. கண்ணுக்கும் படத்துக்கும் இடையே அந்த நேரத்தில் விழும் தூரம் 16 பிக்சல், அதுதான் மங்கலாகத் தெரிகிறது. 240 ஹெர்ட்ஸில் அது 4 பிக்சலாகச் சுருங்கிவிடும். ரெஸ்பான்ஸ் டைம் பூஜ்யமாகவே இருந்தாலும் சாதாரணத் திரையில் அந்த 16-ஐக் குறைக்க முடியாது. அதனால் சுடும் ஆட்டங்களுக்கு முதலிடம் ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு என்றே சொல்வேன்.

அதிலும் 60-லிருந்து 144-க்குப் போவதுதான் பெரிய தாவல். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்குமான இடைவெளியில் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3-க்கும் குறைவு, 240-லிருந்து 360-க்கு ஒன்றரைகூட இல்லை. மேலே போகப்போக விலை ஏறுகிறது, கிடைப்பது சுருங்குகிறது. 144 வாங்கியவர் அடுத்த பணத்தை ஃப்ரேம் ரேட்டுக்குச் செலவிடுவதே மேல்.

ஃப்ரேம் ரேட்டில் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, அது எவ்வளவு கீழே விழுகிறது என்பதை. அக்கா மகன் 144-க்கு மாற்றிய பிறகும் ஒரு குறை சொன்னான். நடக்கும்போது வழவழப்பாக இருக்கிறது, புகைக்குண்டு வெடித்து நாலு பேர் மோதும்போது மட்டும் குறி கையில் நிற்பதில்லை என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 180 காட்டிய எண் புகைக்குள் நுழைந்ததும் 80-க்கு இறங்கியது. சுடுகிற அந்த நொடியில் அவன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரின் பாதிப் பயனைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தான். கிராபிக்ஸ் அமைப்புகளைத் தாழ்த்தியும் எண் அசையவில்லை. அப்படி அசையாவிட்டால் தடை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, பிராசஸர் பக்கம் இருக்கிறது. திறந்து பார்த்தால் எட்டு ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தது. பிராசஸர் ஒரே வழியில் நினைவகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அதே வகையில் இன்னொரு குச்சி வாங்கி, மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன இடத்தில் செருகினோம். புகைக்குள் இப்போது 110-க்குக் கீழே போவதில்லை. மானிட்டரில் ஃப்ரீசிங்க்கையும் போட்டுவிட்டோம். படம் தயாராகும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால் 144-க்குக் கீழே இறங்கும்போது கிழிசல் தெரிவதில்லை. எண் 144-ஐத் தாண்டிவிடாமல் ஆட்டத்தின் உச்ச வரம்பை 140-இல் நிறுத்தி வைத்திருக்கிறான்.