பத்தில் ஒன்றுதான் ஜெயிக்கும் என்றால், ஒரு மருந்து ஆராய்ச்சிக்கு என்ன விலை?

ஹைதராபாத் அல்வாலைத் தாண்டி ராஜீவ் ரகதாரியில் வடக்கே போனால், ஷாமீர்பேட்டை பக்கம் ஜீனோம் வேலி ஆய்வகங்கள் வரும். இன்னும் விற்பனைக்கே வராத ஒரு மருந்துக்கு இங்கே எப்படி விலை போடுகிறார்கள்?

இதே நகரத்தின் டாக்டர் ரெட்டிஸ், ராகாகிளிடசார் என்ற சர்க்கரை நோய் மருந்தைக் கண்டுபிடித்து, 1998-ல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க்குக்கு உரிமம் கொடுத்தது. மருந்து மூன்றாம் கட்ட சோதனை வரை போனது. 2002 ஜூலையில், ஆய்வக எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் சோதனை நின்றது. கடைசிப் படியில்கூட சறுக்கலாம். அந்தச் சறுக்கலையும் விலைக்குள் கொண்டுவரும் கணக்குதான் ‘எக்ஸ்பெக்டட் என்பிவி’.

கணக்கு எப்படி?

ஒரு கற்பனை மருந்தை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தொகையும் இன்றைய மதிப்பில். சந்தைக்கு வந்தால் லாபம் 2,000 கோடி ரூபாய். மூன்று கட்ட சோதனைகளின் செலவு 20, 60, 300 கோடி. அவற்றில் ஜெயிக்கும் வாய்ப்பு 60%, 30%, 60%. அரசு அனுமதி கிடைக்க 90%.

நான்கையும் பெருக்கினால் 9.72%. 2,000 கோடியில் அது சுமார் 194 கோடி.

இனி செலவு. முதல் கட்டத்துக்கு 20 கோடி எப்படியும் போகும். இரண்டாம் கட்டச் செலவு, முதல் கட்டம் ஜெயித்தால்தான் வரும். அதனால் 60-ல் 60%, அதாவது 36 கோடி. மூன்றாம் கட்டத்தை எட்டும் வாய்ப்பு 18%தான். 300-ல் அது 54 கோடி. மொத்தம் 110 கோடி. மிச்சம் சுமார் 84 கோடி. அதுதான் இன்றைய விலை.

எங்கே தப்பு நடக்கும்?

வரவை மட்டும் 9.72% ஆக்கிவிட்டு, செலவு 380 கோடியை முழுசாகக் கழித்தால் 186 கோடி நஷ்டம் என்று வரும். நல்ல திட்டம் ஒன்று அங்கேயே சாகும். தோல்வி பயத்தில் தள்ளுபடி வட்டியையும் ஏற்றினால், ஒரே ரிஸ்க்கை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

விலை எப்போது ஏறும்?

முதல் கட்டம் ஜெயித்தால் 84 கோடி 174 ஆகும். இரண்டாம் கட்டம் ஜெயித்தால் ஒரே தாவலில் 780. தோற்றால் பூஜ்யம். உரிமம் வாங்கும் கம்பெனிகள் முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்காமல், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது இதனால்தான்.

இதை எவ்வளவு நம்பலாம்?

அந்த 30% என்பது பழைய மருந்துகளின் சராசரியைப் பார்த்துப் போட்ட ஊகம். அதை 12% ஆக்கிப் பாருங்கள், 84 கோடி கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். அதனால் யாராவது இப்படி ஒரு மதிப்பைக் காட்டினால், இரண்டாம் கட்டத்துக்கு எத்தனை சதவீதம் போட்டார்கள், ஏன் என்று முதலில் கேளுங்கள்.