700 சொல்லில் ஒரு ராபின்சன் குரூசோ

‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃப்ரம் த்ரீ இயர்ஸ்.’ ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தமிழ் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. ‘மூணு வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதன் விளைவு. ‘ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதே சரி. விதியைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். பேச வாய் திறந்தால் பழைய வாக்கியமே வரும்.

இந்த இடைவெளியை நிரப்ப உதவுபவை படிநிலைக் கதைப் புத்தகங்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசை அவற்றில் பெயர்பெற்றது. முதல் படிக்கு 400 அடிப்படைச் சொற்கள், இரண்டாவதுக்கு 700, மூன்றாவதுக்கு 1,000. பலரும் கவனிக்காத சங்கதி, சொற்களைப் போலவே இலக்கணமும் படிப்படியாகத்தான் நுழைகிறது என்பது. மேலே சொன்ன ‘ஹேவ்’ வடிவம் இரண்டாம் படியில் வரும். ‘ஹேட்’ வடிவம் மூன்றாம் படியில். செயப்பாட்டு வினை நான்காம் படியில். ஆகவே, ‘ஹேவ்’ தடுமாறுபவர் இரண்டாம் படியிலுள்ள ‘ராபின்சன் குரூசோ’வை எடுக்கலாம். தீவில் எத்தனை வருஷம், கப்பல் வந்ததா இல்லையா என்று கதை போகப் போக, அந்த வடிவம் அதற்குரிய சூழ்நிலையோடு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒரு புத்தகம் போதாது. அதே படியில் எட்டு, பத்தாவது படித்தால்தான் ‘ஃப்ரம் த்ரீ இயர்ஸ்’ காதுக்கு உறுத்தத் தொடங்கும்.

1980-இல் ஃபிஜியின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எலி, ஃபிரான்சிஸ் மங்குபாய் இருவரும் இதைச் சோதித்தார்கள். வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்கள், தினமும் அரை மணி நேர வாசிப்பு. முதலில் வாசிப்புத் திறன்தான் வேகமாக உயர்ந்தது. எழுத்துத் திறனிலும் பலன் பரவியது இரண்டாம் ஆண்டில்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுவே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். இருநூறு சொல்லில் தெரியாதவை நான்கைத் தாண்டினால் ஒரு படி இறங்குவது நல்லது. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. அகராதியைப் புரட்டிக்கொண்டும், ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டும் படித்தால் கதை நின்றுவிடும். வடிவங்கள் அடுத்தடுத்துக் கண்ணில் படுவதும் நின்றுவிடும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. ‘ஹீ கோஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ இல்லாமலே பொருள் விளங்குவதால், கண் அதைத் தாண்டிப் போய்விடும். எழுதித் திருத்தினால்தான் படியும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்லும் கேள்விக்கும் தனிப் பயிற்சி வேண்டும். தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தால் பழைய வினாத்தாளை எடுங்கள். ஆறு மாதம் இருந்தால் இன்றே நூலகத்துக்குப் போய் இரண்டாம் படியில் ஒரு புத்தகம் கேளுங்கள்.